கையால் செய்யும் சோப்பில் வாசனை: எது நிற்கும், எது பறக்கும், எது அரிக்கும்

ஆரஞ்சு எண்ணெய் ஊற்றிச் செய்தேன். அச்சிலிருந்து எடுத்தபோது வீடே மணந்தது. ஆறு வாரம் கழித்து வெறும் சோப்பு வாடைதான் வருகிறது. எங்கே தப்பு?

தப்பு உங்கள் கையில் இல்லை, ஆரஞ்சில் இருக்கிறது. பெங்களூர் அல்சூரில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை சோப்பு கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேர் முதலில் கேட்பது இதுதான். நானும் என் முதல் சோப்பை ஆரஞ்சில்தான் செய்து ஏமாந்தேன்.

பச்சையாக, அதாவது சூடேற்றாமல் காஸ்டிக் சோடாவும் எண்ணெயும் கலந்து செய்யும் கோல்ட் பிராசஸ் சோப்பில் வாசனைக்கு மூன்று எதிரிகள். முதலாவது காஸ்டிக். தைலத்தில் உள்ள சில பொருள்களை அது அப்படியே உடைத்துவிடும். இரண்டாவது காலம். சோப்பு காய நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. தண்ணீர் ஆவியாகிப் போகும்போது லேசான வாசனைகளும் கூடவே போய்விடும். மூன்றாவது காற்று. காற்றுப் பட்டுப் பட்டு சில தைலங்கள் மெல்ல வேறு பொருளாக மாறிவிடும்.

ஆரஞ்சுத் தைலத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் லிமோனீன் என்ற ஒரே பொருள்தான். காஸ்டிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் அது மிக லேசானது, ஆவியாவதில் அவசரக்காரி. எலுமிச்சை, நாரத்தை, கிரேப்ஃப்ரூட் எல்லாம் இதே குடும்பம். தோலைப் பிழிந்து எடுக்கிற எந்தத் தைலமும் தனியாக சோப்பில் நிற்காது.

கடையில் வாங்கும் சோப்பு மட்டும் எப்படிக் கடைசித் துண்டு வரை மணக்கிறது என்று உடனே அடுத்த கேள்வி வரும். நம் ஊர் மைசூர் சாண்டல் சோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள், நூறு வருடத்துக்கும் மேலாக வருகிறது. ஆலைச் சோப்பில் முதலில் சோப்பைச் செய்து முடித்து, காயவைத்து, சேமியா போலத் துண்டுகளாக்கிக்கொள்வார்கள். வாசனை அதற்குப் பிறகுதான் சேரும். பிறகு உருளைகளில் அரைத்து அழுத்திக் கட்டியாக்குவார்கள். வாசனை பச்சைக் காஸ்டிக்கின் முகத்தையே பார்ப்பதில்லை, ஆறு வாரம் திறந்த ரேக்கில் கிடப்பதும் இல்லை. நம் சோப்பில் இரண்டும் நடக்கிறது. அதனால் ஆலைச் சோப்போடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டாம்.

அப்படியானால் ஆரஞ்சு வாசனையே வேண்டாம் என்கிறீர்களா?

வேண்டும், தனியாக வேண்டாம். நான் தப்பாகச் செய்ததையும் பிறகு திருத்தியதையும் அப்படியே சொல்கிறேன், கணக்கோடு.

என் வழக்கமான கலவை 1 கிலோ எண்ணெய்: தேங்காய் எண்ணெய் 300 கிராம், ஆலிவ் எண்ணெய் 600, விளக்கெண்ணெய் 100. இதற்குக் காஸ்டிக் 141 கிராம், தண்ணீர் 282 கிராம். ஐந்து சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிச்சம் நிற்கும்படி போட்ட கணக்கு இது. மொத்தம் 1,420 கிராம் கூழ் வரும். வாசனைத் தைலத்துக்கு எண்ணெய் எடையில் மூன்று சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 30 கிராம். முதல் முறை 30 கிராமும் ஆரஞ்சு. மேலே சொன்ன கதி.

இப்போது அதே 30 கிராமை இப்படிப் பிரிக்கிறேன்: ஆரஞ்சு 12, எலுமிச்சைப்புல் 8, பச்சூலி 5, தேவதாரு 5. ஆரஞ்சு முதல் வாரத்தோடு மங்கத்தான் செய்யும். அதன் இடத்தை எலுமிச்சைப்புல் பிடித்துக்கொள்ளும். அதன் வாசனைக்குக் காரணமான சிட்ரால் கனமானது, காஸ்டிக்கில் பெரிய அளவில் சிதையாது. மூக்குக்கு அது எலுமிச்சை போலவே படுவதால் ஆரஞ்சு இன்னும் இருப்பதாகத் தோன்றும். கொஞ்சம் ஏமாற்றுதான், ஆனால் நேர்மையான ஏமாற்று. பச்சூலியும் தேவதாருவும் அடித்தளம். அவை மாதக்கணக்கில் நகராது.

பச்சூலி என்பது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், இப்போது பாட்டில் லேபிளில் ஏறி நமக்கே திரும்பி வந்திருக்கிற சொல். வாங்கும்போது பலருக்குப் பிடிக்காது, ஈர மண்ணும் பழைய பீரோவும் கலந்த வாடை என்பார்கள். ஐந்து கிராமில் அது தனியாகத் தெரியாது. இல்லாவிட்டால்தான் தெரியும்.

இந்தக் கலவையை நான் முதல் வாரம், நான்காம் வாரம், பன்னிரண்டாம் வாரம் என்று மூன்று முறை கையில் நனைத்துப் பார்த்தேன். முதலில் ஆரஞ்சு மிட்டாய், பிறகு எலுமிச்சைப்புல், கடைசியில் எலுமிச்சை தடவிய மரம். மூன்றும் வேறுவேறு வாசனைதான். ஆனால் மூன்றுமே வாசனை.

30 கிராமுக்குப் பதில் 60 கிராம் ஊற்றினால் இரண்டு மடங்கு நாள் நிற்காதா?

நிற்காது. பறக்கிற பொருள் பறந்துதான் தீரும், கூடுதலாக ஊற்றியது கூடுதலாகப் பறக்கும். மூன்று சதவீதத்துக்கு மேல் போனால் சோப்பு மெத்தென்று ஆகும், மேலே எண்ணெய்த் துளிகள் கசியும். காசும் போகும், தோலும் உறுத்தும். அளவைக் கூட்டுவதற்கு முன் கலவையை மாற்றுங்கள்.

லாவெண்டர் தைலம் விலை கொடுத்து வாங்கினேன். சோப்பில் அந்த இனிப்பே இல்லை, மருந்துக் கடை வாடை அடிக்கிறது. போலி கொடுத்துவிட்டார்களா?

போலியாகவும் இருக்கலாம், ஆனால் நல்ல தைலத்திலும் இது நடக்கும். லாவெண்டரின் இனிப்புக்குக் காரணம் லினலைல் அசிடேட் என்ற எஸ்டர். நல்ல தைலத்தில் கால் பங்கிலிருந்து பாதிக்குச் சற்றுக் குறைவு வரை அது இருக்கும். எஸ்டரும் காஸ்டிக்கும் சேர்ந்தால் என்ன ஆகும்? தேங்காய் எண்ணெய்க்கு ஆகிற அதே கதிதான், ஏனென்றால் எண்ணெயும் ஓர் எஸ்டர்தான். காஸ்டிக் அதை உடைத்து, லினலூல் என்ற பொருளையும் சோடியம் அசிடேட் என்ற உப்பையும் மிச்சம் வைக்கும். லினலூலுக்கும் மணம் உண்டு, ஆனால் அந்த உருண்டையான இனிப்பு அதில் இல்லை. ஆகவே உங்கள் காசில் ஒரு பங்கு உப்பாகவே போய்விட்டது.

வழி இரண்டு. ஒன்று, விலை உயர்ந்த லாவெண்டரை பச்சைச் சோப்பில் ஊற்றாதீர்கள். லாவண்டின் என்ற அதன் கலப்பின உறவு மலிவாகக் கிடைக்கும், கற்பூரச் சாயல் தூக்கலாக இருக்கும், சோப்புக்கு அது போதும். கூடவே 30 கிராமில் 4 கிராம் பச்சூலியோ தேவதாருவோ சேருங்கள்.

இரண்டாவது, சோப்பைக் காய்ச்சிச் செய்வது. அடுப்பில் சமைத்து முடித்தால் காஸ்டிக் முழுக்கத் தீர்ந்துவிடும். அதன் பிறகு ஊற்றும் லாவெண்டரை உடைக்க அங்கே ஆள் இல்லை. சமைத்த கூழ் கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது ஊற்றினால் பாதி ஆவியாகிவிடும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கிளறிக்கொண்டே பொறுங்கள். அதற்குள் கூழ் இறுகாமலிருக்க இரண்டு ஸ்பூன் வெதுவெதுப்பான தயிர் கலக்கிறவர்களும் உண்டு. இந்த முறையில் மூன்று சதவீதம் தேவையில்லை, இரண்டே போதும்.

கிராம்புத் தைலம் ஊற்றிய அடுத்த நிமிடம் கூழ் கல்லாகிவிட்டது. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது. ஏன்?

அந்தக் கரண்டியை நானும் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று 1 கிலோ எண்ணெய்க்கு 20 கிராம் கிராம்புத் தைலம். ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரை ஒரு சுற்றுச் சுற்றினேன். அவ்வளவுதான், அல்வா போல உருண்டு திரண்டுவிட்டது. பிளெண்டரோடு சேர்த்துத் தூக்கினால் பாத்திரமும் தூக்கிக்கொண்டு வந்தது.

கிராம்பில் பெரும் பங்கு யூஜினால். அது ஃபீனால் வகை, அதாவது லேசான அமிலத் தன்மை கொண்டது. காஸ்டிக்கோடு உடனே சேர்ந்து உப்பாகிவிடும், அந்த உப்பு எண்ணெயையும் தண்ணீரையும் வெகுவேகமாகக் கலந்துவிடும். கூழ் நிதானமாகக் கெட்டியாக வேண்டிய பத்து நிமிடம் பத்து நொடியாகிறது. சோப்பு பழுப்பு நிறமும் ஆகும். நம் துளசியிலும் யூஜினால் கணிசமாக இருப்பதால் அதுவும் இப்படிச் செய்யும், கொஞ்சம் மெதுவாக.

கல்லானதைத் தூக்கி எறிய வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு அச்சில் அழுத்திப் போட்டால் சோப்பு ஆகிவிடும், அழகு மட்டும் இருக்காது. என் தீபாவளிச் சோப்பு அப்படியே பரிசாகப் போனது, கருங்கல் ஜல்லி மாதிரி. அடுத்த முறைக்கு: கிராம்பு 1 கிலோவுக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம். எண்ணெயையும் காஸ்டிக் கரைசலையும் 35 டிகிரி அளவுக்கு ஆறவிடுங்கள். கிராம்பை 50 கிராம் எண்ணெயில் முதலில் கலந்து வைத்துக்கொண்டு, கூழ் இன்னும் நீராக இருக்கும்போதே, எல்லாவற்றுக்கும் கடைசியாக ஊற்றி, பிளெண்டரைத் தொடாமல் கரண்டியால் கிண்டி உடனே அச்சில் விடுங்கள்.

வாசனை? அது மட்டும் ஒரு வருடமானாலும் போகாது. அங்கேதான் சிக்கலும் இருக்கிறது, அடுத்த பதிலில்.

நான் செய்த சோப்பு போட்டால் அத்தைக்குக் கை அரிக்கிறது. இயற்கைத் தைலம்தானே ஊற்றினேன்?

இயற்கை என்ற சொல்லுக்குத் தோலில் எந்த மரியாதையும் இல்லை. காஞ்சொறியும் இயற்கைதான்.

முதலில் எது அரிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். காஸ்டிக் மிஞ்சிய சோப்பு என்றால் போட்ட அந்த நிமிடமே சுரீரென்று எரியும், எல்லாருக்கும் எரியும், கழுவினால் அடங்கும். நுனி நாக்கில் ஈரச் சோப்பைத் தொட்டால் சின்ன மின்சாரம் போல விறுவிறுப்புத் தெரியும். அப்படியானால் வாசனையை விசாரிக்க வேண்டியதில்லை, எடைக் கணக்கைப் பாருங்கள். தராசின் பேட்டரி இறங்கியிருந்தாலும் இது நடக்கும்.

வாசனையால் வரும் ஒவ்வாமை வேறு மாதிரி. முதல் சில முறை ஒன்றும் ஆகாது. பிறகு ஒரு நாள் போட்டால், ஒன்றிலிருந்து மூன்று நாள் கழித்துச் சிவந்து அரிக்கும், சின்னச் சின்னப் பொரியாக எழும். ஒருவருக்கு வரும், அதே வீட்டில் இன்னொருவருக்கு வராது. அடுத்தடுத்த முறை முன்னதைவிடச் சீக்கிரமும் வரலாம். ஒருமுறை உடல் அந்தப் பொருளை எதிரி என்று குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் அப்படியேதான். அத்தைக்கு இந்த வகை என்றால், ‘பழகிவிடும், போட்டுக்கொண்டே இருங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். பழகாது, முற்றும். உடனே நிறுத்துங்கள், அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள், என்னென்ன தைலம் ஊற்றினீர்கள் என்ற சீட்டையும் எடுத்துக்கொண்டு.

இனி யார் குற்றவாளி. முதல் இடம் பட்டைத் தைலத்துக்கு, அதாவது லவங்கப்பட்டையிலிருந்து எடுப்பது. பாதிக்கு மேல் சினமால்டிஹைடு, தோலை ஒவ்வாமைக்குத் தயார்படுத்துவதில் பேர்போனது. சோப்பில் நான் அதைத் தொடுவதே இல்லை, ஒரு சொட்டுகூட. பட்டை மரத்து இலைத் தைலம் என்று விற்பது வேறு, அதில் கிராம்பைப் போல யூஜினால்தான் அதிகம். கிராம்புக்குச் சொன்ன அளவே அதற்கும். லேபிளில் இலையா பட்டையா என்று எழுதவில்லை என்றால் வாங்காதீர்கள். அடுத்தது எலுமிச்சைப்புல்லின் சிட்ரால். பிறகு கிராம்பின் யூஜினால்.

கவனித்தீர்களா, சோப்பில் நன்றாக நிற்கிறது என்று நான் புகழ்ந்த அதே ஆட்கள். சோப்பில் எது ஒட்டிக்கொண்டு நிற்கிறதோ அதில் பாதி தோலிலும் வேலை காட்டுகிறது. ஆனால் எல்லாம் அல்ல. பச்சூலி, வெட்டிவேர், சந்தனம், தேவதாரு இந்த நான்கும் நிற்கவும் செய்கின்றன, பெரும்பாலானவர்களின் தோலோடு சண்டைக்கும் போவதில்லை. அதனால் என் கலவைகளில் வேரும் மரமும்தான் எடையைச் சுமக்கும். புல்லும் கிராம்பும் பொட்டு வைத்த அளவு.

பொட்டு அளவு என்றால் எவ்வளவு? எப்படிக் கணக்குப் போடுவது?

மேலே சொன்ன ஆரஞ்சுக் கலவையையே எடுத்துக்கொள்வோம். எலுமிச்சைப்புல் தைலம் 8 கிராம். அதில் நான்கில் மூன்று பங்கு சிட்ரால் என்று வைத்தால் 6 கிராம். கூழ் 1,420 கிராம், காய்ந்து தண்ணீர் போன பின் சோப்பு ஏறக்குறைய 1,250 கிராம் நிற்கும். 6-ஐ 1,250-ஆல் வகுத்தால் அரை சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. நான் இதற்கு மேல் போவதில்லை. 30 கிராமும் எலுமிச்சைப்புல்லாக ஊற்றினால் சிட்ரால் 22 கிராமைத் தாண்டும், ஏறக்குறைய இரண்டு சதவீதம். பார்க்கச் சின்ன எண்தான், தினம் இரண்டு வேளை உடம்பு முழுக்கத் தேய்க்கிற பொருளில் அது சின்னதல்ல.

கடைக்காரரிடம் ‘இஃப்ரா சர்ட்டிபிகேட்’ என்று கேளுங்கள். இஃப்ரா என்ற வாசனைப் பொருள்களுக்கான சர்வதேச அமைப்பு பல பொருள்களுக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதில் கழுவிவிடும் சோப்புக்கு ஒன்பதாம் பிரிவு. அந்தத் தாளில் ஒன்பதுக்கு நேரே உள்ள சதவீதம் மொத்தச் சோப்பின் எடையில் எவ்வளவு என்பது, எண்ணெய் எடையில் அல்ல. இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் லிட்டர் கணக்கில் அள்ளி ஊற்றிக் கொடுக்கிற கடையில் அந்தத் தாள் கேட்டு எனக்குக் கிடைத்தது ஒரு முறைப்பும் ஒரு டீயும். ஊதுபத்திக்காரர்களுக்கு விற்பது அவர்கள் தொழில், எரிக்கிற வாசனைக்கும் தேய்க்கிற வாசனைக்கும் உள்ள வித்தியாசம் நம் தலைவலி. தாள் தருகிறவரிடம் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் வாங்குங்கள்.

பழைய ஆரஞ்சு பாட்டில் பாதி கிடக்கிறது. சோப்புக்குத்தானே, ஊற்றிவிடலாமா?

மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். தோல் உரித்த பழ வாசனை வந்தால் சரி. பெயின்ட் கடை டர்பன்டைன் சாயல் வந்தால் கொட்டிவிடுங்கள். லிமோனீனும் லாவெண்டரின் லினலூலும் புதிதாக இருக்கும்போது தோலுக்குப் பெரிய தொல்லை இல்லை. காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்தபின் உண்டாகும் பொருள்கள்தான் ஒவ்வாமையைக் கிளப்புகின்றன. ‘போன வருடம் ஒன்றும் செய்யவில்லையே, இந்த வருடம் ஏன் அரிக்கிறது’ என்பதற்குப் பல நேரம் இதுதான் விடை: தைலம் அதேதான், வயதுதான் வேறு.

சிறிய பாட்டிலாக வாங்கி, கழுத்து வரை நிறைந்திருக்கும்படி மாற்றி மாற்றி ஊற்றி, ஃபிரிட்ஜில் வையுங்கள். பச்சூலியும் வெட்டிவேரும் மாறாக வயதாக ஆக மெருகேறும். அவற்றை பீரோவில் போட்டு மறந்துவிடலாம்.

மல்லிகை வாசனை வேண்டும் என்று அம்மா கேட்கிறார். தைலம் எங்கே கிடைக்கும்?

மல்லியை ஆவியில் வடிக்க முடியாது, சூடு பட்டால் மணம் கெட்டுவிடும். அதனால் கரைப்பானில் ஊறவைத்து ‘அப்சல்யூட்’ எடுக்கிறார்கள். அதன் விலையில் சோப்பு செய்தால் குளிக்க மனம் வராது. போதாக்குறைக்கு அதிலும் எஸ்டர்தான் பெரும் பங்கு, காஸ்டிக்கில் பாதி போய்விடும். நூறு இருநூறு ரூபாய்க்கு ‘மல்லிகை எசென்ஷியல் ஆயில்’ என்று விற்றால் அது செயற்கை வாசனை. செயற்கை என்பதால் கெட்டது என்று நான் சொல்லவில்லை, சோப்புக்கென்று செய்த நல்ல செயற்கை மல்லி சில நேரம் தோலுக்குப் பட்டைத் தைலத்தைவிடச் சாது. பெயரை மாற்றி விற்பதுதான் பிடிக்கவில்லை. அம்மாவுக்குத் தலையில் வைக்க ஒரு முழம் வாங்கிக் கொடுத்துவிட்டு, சோப்புக்கு வேறு யோசியுங்கள்.

வெட்டிவேரை எண்ணெயில் ஒரு மாதம் ஊறவைத்து அந்த எண்ணெயில் செய்தால் வாசனை வராதா? தைலம் விலை அதிகமாக இருக்கிறதே.

வராது. ஊறிய எண்ணெயில் வருகிற மணம் முகர்ந்தால் தெரிகிற அளவுதான், காஸ்டிக்கையும் ஆறு வாரத்தையும் தாண்டுகிற அளவு அதில் ஏறாது. வெட்டிவேரின் மணப்பொருள்கள் மிகக் கனமானவை, வடிக்கவே ஒரு நாள் பொழுது பிடிக்கும். விலை ஏறுவது அதனால்தான். அதே கனம்தான் அது சோப்பில் வருடக்கணக்கில் நிற்பதற்கும் காரணம். 1 கிலோ எண்ணெய்க்கு 3 கிராம் வெட்டிவேர் போதும், மிச்சம் 27 கிராமையும் அது பிடித்து உட்காரவைக்கும். வேரை வீணாக்காமல் சின்னச் சின்னதாக நறுக்கிக் கூழில் போட்டால் தேய்த்துக் குளிக்க நன்றாக இருக்கும், அது வேறு சமாசாரம்.

ரோஜா இதழ், ஆவாரம்பூ, கஸ்தூரி மஞ்சள் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். நிறம் வரும், பெயர் சொல்லிக்கொள்ளலாம், மணம் வராது.

ஃபிளாஷ் பாயிண்ட் குறைவான தைலம் சோப்புச் சூட்டில் எரிந்துபோகும் என்கிறார்களே?

ஃபிளாஷ் பாயிண்ட் என்பது நெருப்பைக் கிட்டே காட்டினால் அதன் ஆவி எந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும் என்பது. லாரியில் ஏற்றுகிறவருக்கு அது முக்கியம். உங்கள் அச்சுக்குள் யாரும் தீக்குச்சி கிழிக்கப்போவதில்லை. ஆரஞ்சு பறப்பது அது லேசானது என்பதால். சூடு அதைத் துரிதப்படுத்தும், அவ்வளவுதான். ஊற்றிய சோப்பைப் போர்வை போட்டு மூடாமல் விட்டால் உள்ளே அதிகம் சூடேறாது, மேல்மணம் சற்றுக் கூட மிஞ்சும். பெங்களூர் டிசம்பர் இரவுக்கு அதுவே போதும்.

முல்தானி மட்டி, அரோரூட் மாவு கலந்தால் வாசனையைப் பிடித்து வைக்குமாமே?

ஒரே கூழை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் மட்டியில் ஊறிய தைலம், மற்றதில் வெறும் தைலம் என்று செய்தேன். இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவர்களிடம் எது எது என்று சொல்லாமல் முகரக் கொடுத்தேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். மட்டி சோப்பை வழுவழுப்பாக்கும், அதற்காகப் போடலாம்.

கைக்குழந்தைக்கு எந்த வாசனை நல்லது?

எதுவும் வேண்டாம். முக்கியமாக புதினாவும் நீலகிரித் தைலமும் கூடவே கூடாது. பெரியவர்களுக்கும் புதினாத் தைலம் 1 கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் போனால் கண்ணிலும் மறைவிடங்களிலும் பனிக்கட்டி வைத்தது போல எரியும். அதை நேரில் அனுபவித்துவிட்டு என்னிடம் ஆவேசமாக வந்த அண்ணன் ஒருவரின் கேள்வியை இங்கே எழுத முடியாது.

1 கிலோ செய்து பாழாவதற்கு முன் சின்னதாகச் சோதிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. 100 கிராம் எண்ணெயில் தனியாகச் செய்யாதீர்கள், 14 கிராம் காஸ்டிக்கில் ஒரு கிராம் பிசகினாலும் கெட்டுவிடும். வழக்கம்போல 1 கிலோ எண்ணெயில் கூழ் தயாரித்து, கெட்டியாகும் முன் 200 கிராம் வீதம் சிலிக்கான் கிண்ணங்களில் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் எண்ணெய் 140 கிராம் இருக்கும், மூன்று சதவீதம் என்றால் தைலம் 4.2 கிராம். சொட்டு எண்ணாதீர்கள், பச்சூலிச் சொட்டும் ஆரஞ்சுச் சொட்டும் ஒரே எடை அல்ல. நகைத் தராசு மாதிரி ஒரு குட்டித் தராசு வாங்கிவிடுங்கள். ஒரு கிண்ணத்தை மட்டும் வாசனையில்லாமல் விடுங்கள், ஒப்பிட வேண்டும்.

காய்ந்த பின் தோலுக்கு: முழங்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் காலையும் மாலையும் நுரைத்துக் கழுவி, ஒரு வாரம் பாருங்கள். சோப்பைத் தடவி பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைக்கிற சோதனை வேண்டாம், வாசனையே இல்லாத சோப்பும் அப்படி மூடிவைத்தால் சிவக்கச் செய்யும்.

எனக்கு என் சோப்பில் வாசனையே தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஆன்ட்டி மட்டும் மூக்கைத் துளைக்கிறது என்கிறார். யார் சொல்வது சரி?

ஆன்ட்டி. ஆறு வாரம் ரேக்குக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினால் மூக்கு அந்த வாசனையைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். தவிர, காய்ந்த சோப்பின் மேல் தோலில் மணம் எப்போதும் குறைவு. பறக்க வேண்டியது அங்கேயிருந்துதான் முதலில் பறக்கும். கத்தியால் மேலே ஒரு சீவு சீவிவிட்டு, வெந்நீரில் நுரைத்து, இரண்டு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்த மூக்கோடு முகருங்கள். அப்போதும் ஒன்றும் வராவிட்டால் முதல் கேள்விக்குத் திரும்பிப் போங்கள், ஆரஞ்சு மட்டும்தான் ஊற்றியிருப்பீர்கள்.